வெள்ளி விலையும் காணாமல் போன 13,000 ரூபாயும்: ஒரு ரெங்கோ கணக்கின் ஆய்வு

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் வெள்ளிப் பாத்திரக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், எம்சிஎக்ஸ் பொருள் சந்தையின் சில்வர் மினி ஒப்பந்தத்தில், நேரத்தை விட்டுவிட்டு விலை நகர்வை மட்டும் பிரிக்குகளாக, அதாவது செங்கல்களாக, அடுக்கும் ரெங்கோ சார்ட்டை நம்பி வியாபாரம் செய்து வந்தார். பழைய விலைகளில் விதியை ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டில் லாபக் கோடு ஏறிக்கொண்டே போனது. தரகுக் கணக்கிலோ பணம் கரைந்துகொண்டே இருந்தது. விதியை மீறாமல்தான் நடந்தார், அவசரப்பட்டு ஒரு ஆர்டரும் போடவில்லை. அப்படியானால் இரண்டு கணக்குக்கும் நடுவில் இருந்த பணம் எங்கே போனது? அதைத் தேடிய கதைதான் இது.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். வெள்ளி கிலோ எழுபதாயிரத்துச் சொச்சத்தில் இருந்த காலத்தின் ஒரு துண்டு இது. விலைகளைக் கணக்குக்கு வசதியாகக் கொஞ்சம் மாற்றி, 15 வர்த்தக நாட்களாகச் சுருக்கியிருக்கிறேன். பிரச்சினை எப்படி உருவானது என்பதில் எந்த மாற்றமும் இல்லை.

அவர் ஏன் ரெங்கோவுக்குப் போனார்

கடையில் காலை பத்து மணியிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும். முகூர்த்த மாதங்களில் குத்துவிளக்கும் தாம்பாளமும் நிறுத்துக் கொடுக்கவே பொழுது சரியாக இருக்கும். எம்சிஎக்ஸ் காலை 9 மணிக்குத் திறந்து இரவு 11:30 அல்லது 11:55 வரை நடக்கும். அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றும்போது இங்கே மூடும் நேரமும் மாறும். அத்தனை நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு கடைக்காரரால் முடியாது. ஐந்து நிமிட கேண்டிலில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி வருவதைப் பார்த்து அவர் தவித்துப் போயிருந்தார்.

"ண்ணே, இதுல நேரமே கிடையாது. விலை ஐந்நூறு நகந்தா ஒரு கல்லு விழும், நகரலைன்னா ஒண்ணும் விழாது. நைட்டு கடையைப் பூட்டிட்டு வந்து பார்த்தாப் போதும்" என்றார்.

அவர் சொன்னது ரெங்கோவின் சரியான விளக்கம்தான். பிரிக் அளவு 500 என்று வைத்தால், விலை கடைசி பிரிக்கின் உச்சியிலிருந்து இன்னும் 500 ஏறினால்தான் அடுத்த மேல் பிரிக் வரும். திரும்பிக் கீழ் பிரிக் விழ வேண்டுமென்றால், கடைசி மேல் பிரிக்கின் அடியிலிருந்து 500 இறங்க வேண்டும். அதாவது உச்சியிலிருந்து பார்த்தால் 1,000. நடுவில் 300, 400 என்று ஆடுவதெல்லாம் படத்தில் வராது. விலை நாலு நாள் சும்மா கிடந்தால் படமும் நாலு நாள் சும்மா கிடக்கும்.

நேரத்தைக் கணக்கில் எடுக்காத இன்னொரு பழைய முறை பாயிண்ட் அண்ட் ஃபிகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அமெரிக்கச் சந்தைக்காரர்கள் விலையை எண்களாக நெடுக்கில் எழுதி வந்தார்கள். பிறகு எண்களுக்குப் பதில் ஏறுவதற்கு X, இறங்குவதற்கு O என்று ஆயிற்று. இன்று பரவலாக உள்ள மூன்று கட்டத் திருப்பம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏ.டபிள்யூ. கோஹனால் பிரபலமானது. விலை ஒவ்வொரு கட்டம் ஏறும்போதும் அதே நெடுக்கு வரிசையில், அதாவது நிரையில், ஒரு X சேரும். மூன்று கட்டம் முழுதாக இறங்கினால்தான் பக்கத்தில் புதிய O நிரை தொடங்கும். கட்டம் 500 என்றால் திருப்பத்துக்கு 1,500 வேண்டும்.

ஆகவே ஒரே 500 ரூபாயை இரண்டிலும் போட்டால் இரண்டும் ஒரே அளவுக்கு வடிகட்டுவதில்லை. ரெங்கோவின் திருப்பம் 1,000, பாயிண்ட் அண்ட் ஃபிகரின் திருப்பம் 1,500. இரண்டையும் ஒப்பிட்டு "எது நல்லது" என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல்தான் பேசுகிறார்கள். சமமாக ஒப்பிட வேண்டுமானால் ரெங்கோ பிரிக்கை 750 ஆக்க வேண்டும். நண்பரின் படம் 500 பிரிக்கில் இருந்ததால் நான் இரண்டிலும் 500-ஐயே வைத்துப் பார்க்கிறேன். அதன் விளைவு கீழே தெரியும்.

பதினைந்து நாள் விலை

நாள் இறுதி விலைகள் மட்டும், கிலோவுக்கு ரூபாயில். ரெங்கோ 70,000-இல் தொடங்குகிறது.

முதல் வாரம்: 70,200, 70,640, 70,380, 71,120, 71,560.

இரண்டாம் வாரம்: 71,300, 70,720, 71,240, 70,450, 70,900.

மூன்றாம் வாரம்: 71,180; 72,640; 72,100; 71,420; 70,860.

இதைக் கையாலேயே வரைந்துவிடலாம். ஆனால் நண்பருக்கு நான் சின்ன நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். காரணம், அது தரும் விவரங்களில் கடைசியானது.

```python
def renko(closes, brick, base):
    top = bottom = base
    out = []
    for day, price in closes:
        while price >= top + brick:
            bottom, top = top, top + brick
            out.append((day, "UP", top, price))
        while price <= bottom - brick:
            top, bottom = bottom, bottom - brick
            out.append((day, "DOWN", bottom, price))
    return out
```

ஒவ்வொரு பிரிக்குக்கும் நான்கு விவரம் வரும்: எந்த நாள், எந்தத் திசை, பிரிக் முடிந்த விலை, அந்த நேரத்தில் சந்தையில் உண்மையில் இருந்த விலை. நண்பர் பயன்படுத்திய மென்பொருள் மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு நான்காவதைத் தூக்கிப் போட்டுவிட்டது. தேடிய பணம் இருந்தது அங்கேதான்.

பதினைந்து நாளுக்கு ஒன்பது பிரிக் வருகிறது. முதல் வாரத்தில் 70,500, 71,000, 71,500 என்று மூன்று மேல் பிரிக். ஒன்பதாம் நாள் விலை 70,450-க்கு இறங்கியதும் ஒரு கீழ் பிரிக், முடிவு 70,500. பன்னிரண்டாம் நாள் 71,500, 72,000, 72,500 என்று ஒரே நாளில் மூன்று மேல் பிரிக். பதினான்காம் நாள் கீழ் பிரிக் 71,500. பதினைந்தாம் நாள் இன்னொன்று, 71,000. ஏழாம் நாள் 70,720 வரை வந்து மறுநாள் மீண்டது படத்தில் தடயமே இல்லாமல் போயிற்று. ரெங்கோ அதற்காகத்தான் இருக்கிறது, அதைச் சரியாகச் செய்தும்விட்டது.

சந்தையில் இல்லாத விலையில் வாங்கிய ஆர்டர்

நண்பரின் விதி எளிது. நிறம் மாறி முதல் மேல் பிரிக் வந்தால் வாங்கு. முதல் கீழ் பிரிக் வந்தால் கையில் இருப்பதை விற்று, இன்னொரு லாட் ஷார்ட் போ, அதாவது கையில் இல்லாததை முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கி மூடு. சில்வர் மினி ஒரு லாட் 5 கிலோ. இரவு சந்தை மூடுவதற்குச் சற்று முன் பார்த்து ஆர்டர் போடுவார், ஆகவே நாள் இறுதி விலையே அவருக்குக் கிடைக்கும் விலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மென்பொருளின் கணக்கு இப்படி. 70,500-இல் வாங்கியாயிற்று. ஒன்பதாம் நாள் 70,500-இல் விற்றாயிற்று, லாபமும் இல்லை நட்டமும் இல்லை. அதே 70,500-இல் ஷார்ட். பன்னிரண்டாம் நாள் 71,500-இல் ஷார்ட்டை மூடி வாங்கியாயிற்று, 1,000 நட்டம். பதினான்காம் நாள் 71,500-இல் விற்றாயிற்று, மறுபடி சமம். மொத்த நட்டம் 1,000. ஒரு லாட்டுக்கு 5,000 ரூபாய்.

இப்போது நான்காவது விவரத்தை வைத்துப் போடுவோம். வாங்கியது 70,640, விற்றது 70,450: 190 நட்டம். ஷார்ட் 70,450, மூடியது 72,640: 2,190 நட்டம். வாங்கியது 72,640, விற்றது 71,420: 1,220 நட்டம். மொத்தம் 3,600. ஒரு லாட்டுக்கு 18,000 ரூபாய். தரகும் வரியும் இதில் சேரவில்லை; பதினான்காம் நாள் போன ஷார்ட் இன்னும் மூடப்படாததால் அதை இரண்டு கணக்கிலும் சேர்க்கவில்லை.

ஒரே விதி, ஒரே நாட்கள். வித்தியாசம் 13,000 ரூபாய்.

இதில் பெரும்பகுதி பன்னிரண்டாம் நாளில் இருக்கிறது. முந்தைய இரவு இங்கே சந்தை 71,180-இல் மூடியது. நியூயார்க்கின் காமெக்ஸ் அதற்குப் பிறகும் நடந்துகொண்டே இருந்தது, அங்கே வெள்ளி தாவியது. மறுநாள் காலை 9 மணிக்கு நம் சந்தை 72,380-இல் திறந்தது. 71,180-க்கும் 72,380-க்கும் நடுவில் ஒரு கிராம்கூடக் கைமாறவில்லை. ஆனால் ரெங்கோ அந்த இடைவெளியைக் காலியாக விடாது. அன்றைய இறுதி விலை 72,640 என்று வந்ததும், விதிப்படி 71,500 பிரிக், அதன் மேல் 72,000 பிரிக், அதன் மேல் இன்னொன்று என்று மூன்றையும் அடுக்கிவிடும். பேக்டெஸ்ட் அதைப் பார்த்து, முதல் பிரிக் 71,500-இல் முடிந்ததும் ஆர்டர் போட்டோம், அடுத்த பிரிக் தொடங்கும் 71,500-இலேயே கிடைத்தது என்று எழுதிக்கொள்ளும். மூன்று பிரிக்கும் ஒரே கணத்தில் பிறந்தவை என்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் நேரத்தை நாமே படத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

நண்பர் முன்கூட்டியே, விலை 71,500-ஐத் தொட்டதும் தானாக வாங்கும் ஸ்டாப் ஆர்டர் போட்டு வைத்திருந்தாலும் அது 72,380-ஐ ஒட்டித்தான் நிறைவேறியிருக்கும். 71,500-இல் வாங்க எந்த வழியும் இருக்கவில்லை.

மற்ற நாட்களின் வித்தியாசம் சிறியது: 140, 50, 80. ஆனால் அதிலும் ஒரு சாய்வு இருக்கிறது, கவனியுங்கள். வாங்கும்போது உண்மை விலை பிரிக் விலைக்கு மேலேயே இருக்கும், விற்கும்போது கீழேயே இருக்கும். விலை பிரிக்கின் எல்லையைத் தாண்டிய பிறகுதான் பிரிக் வரும் என்பதால் இது தற்செயல் ஆகவே முடியாது. ஆர்டர் கூடக்கூட இந்தச் சிறுதொகை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். நண்பரின் பேக்டெஸ்டில் பத்து ரூபாய் நழுவல் என்று போட்டிருந்தார். அந்தப் பத்து ரூபாய் சந்தையில் வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் உள்ள இடைவெளிக்கு ஆனது. எல்லையைத் தாண்டி விலை எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது வேறு கணக்கு. அதை ஒவ்வொரு பிரிக்குக்கும் தனித்தனியாகத்தான் பார்க்க முடியும்.

அதே நாட்கள், X-உம் O-வும்

இனி பாயிண்ட் அண்ட் ஃபிகர். கட்டம் 500, திருப்பம் மூன்று கட்டம், நாள் இறுதி விலை மட்டும். 70,000-இல் தொடங்கினால் மூன்று கட்டம் ஏறிய பிறகுதான் திசையே உறுதியாகும். அது ஐந்தாம் நாள், விலை 71,560. நிரையில் 70,500, 71,000, 71,500 என்று மூன்று X. ஒன்பதாம் நாள் 70,450-க்கு இறங்கியபோது ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் O வர 70,000 தொட வேண்டும். பன்னிரண்டாம் நாள் அதே நிரையில் இரண்டு X கூடின. பதினைந்தாம் நாள் 70,860-இல் 72,000, 71,500, 71,000 என்று மூன்று O சேர்ந்து புதிய நிரை.

நிரை மாறும்போது வாங்கி விற்பது என்று வைத்தால் ஒரே ஒரு வியாபாரம். வாங்கியது 71,560, விற்றது 70,860. நட்டம் 700, ஒரு லாட்டுக்கு 3,500. கட்டத்தின் விலையை வைத்துக் காகிதத்தில் போட்டால் 500 நட்டம். காகிதத்துக்கும் உண்மைக்கும் வித்தியாசம் 200 மட்டும்.

நண்பர் இதைப் பார்த்ததும், "அப்ப ரெங்கோவை விட்டுட்டு இதுக்கு மாறிர வேண்டியதுதான்ணே" என்றார். அந்த முடிவு தப்பு என்று நான் அழுத்தமாகச் சொன்னேன். இங்கே பாயிண்ட் அண்ட் ஃபிகர் தப்பித்ததற்குக் காரணம், இடைவெளி விழுந்த நாளில் அதற்கு ஆர்டரே இல்லை, விலை அதன் நிரையின் திசையிலேயே தாவியது. எதிர்த் திசையில் தாவியிருந்தால் மூன்று O-க்களும் ஒரே காலையில் விழுந்து, ரெங்கோ வாங்கிய அடியையே இதுவும் வாங்கியிருக்கும். ஒன்பதாம் நாள் சரிவில் ஆடாமல் இருந்ததற்குக் காரணம் அதன் திருப்பம் 1,500 என்பதுதான். ரெங்கோ பிரிக்கை 750 ஆக்கியிருந்தால் அதுவும் ஆடியிருக்காது. அந்தப் பொறுமைக்கு விலையும் உண்டு. உண்மையான சரிவு வரும்போது ரெங்கோ 71,420-இல் வெளியே வந்தது, பாயிண்ட் அண்ட் ஃபிகர் 70,860 வரை காத்திருந்தது.

பாயிண்ட் அண்ட் ஃபிகருக்கு உண்மையான ஒரு சாதகம் உண்டு, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. அதன் கட்டங்கள் 70,000, 70,500 என்று நிலையான அளவுகோலில் நிற்கும், தரவை எந்த நாளில் தொடங்கினாலும் கட்டங்கள் நகராது. பல மென்பொருள்களில் ரெங்கோ, தரவின் முதல் விலையிலிருந்து அடுக்கத் தொடங்கும். முதல் விலை 70,200 என்றால் எல்லைகள் 70,700, 71,200 என்று மொத்தமாக நகர்ந்துவிடும். அப்படி வரைந்தால் நம் துண்டில் இரண்டாம் நாள் பிரிக்கே வராது, நாலாம் நாள்தான் முதல் பிரிக். ஒன்பதாம் நாள் கீழ் பிரிக்கும் மறைந்துவிடும். இரண்டு பேர் ஒரே வெள்ளிக்கு ஒரே 500 பிரிக் போட்டு, வெவ்வேறு தேதியில் தொடங்கினால் வெவ்வேறு சிக்னல் பார்ப்பார்கள்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மேலே உள்ள நிரலில் `base` மதிப்பை 70,000, 70,100, 70,200 என்று 70,400 வரை மாற்றி ஐந்து முறை ஓட்டிப் பாருங்கள். முடிவு ஐந்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் விதியில் ஏதோ இருக்கிறது. ஒன்றில் பெரிய லாபமும் இன்னொன்றில் நட்டமும் வந்தால், நீங்கள் பார்த்தது தொடக்கப் புள்ளியின் அதிர்ஷ்டம். நண்பரின் பேக்டெஸ்ட் இந்தச் சோதனையிலேயே விழுந்தது. ஐந்தில் மிக நல்ல முடிவு தந்த தொடக்கப் புள்ளிதான் அவருடைய மென்பொருள் தற்செயலாக எடுத்தது.

எடுத்தெறிந்த நேரம் திரும்ப வரும் வழி

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். இரண்டு படமும் நேரத்தை நீக்குவதாகச் சொல்கிறோம். கிடை அச்சிலிருந்து நீக்குகிறோம், அவ்வளவுதான். படத்துக்கு ஊட்டும் தரவு ஒரு நாளைக்கு ஒரு விலையா, ஒரு மணிக்கு ஒரு விலையா, ஒவ்வொரு டிக்குமா என்பதில் நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஒன்பதாம் நாளை மறுபடி எடுத்துக்கொள்வோம். இறுதி விலை 70,450. ஆனால் அன்று மாலை, அமெரிக்கப் புள்ளிவிவரம் வந்த நேரத்தில், விலை 69,940 வரை போய்த் திரும்பியது. பாயிண்ட் அண்ட் ஃபிகரை இறுதி விலையில் வரையாமல், கோஹன் வழியில் நாளின் உச்சத்தையும் தாழ்வையும் வைத்து வரைந்தால் என்ன ஆகும்? X நிரையில் இருக்கும்போது முதலில் உச்சத்தைப் பார்க்க வேண்டும். அது 72,000-ஐத் தொடவில்லை, புதிய X இல்லை. அதனால் தாழ்வைப் பார்க்க வேண்டும். 69,940 என்பது 70,000-க்குக் கீழே, மூன்று O விழுந்துவிடும். பன்னிரண்டாம் நாள் மேலே தாவியதும் நிரை மறுபடி X ஆகும். ஆக, இறுதி விலையில் அமைதியாக ஒரே நிரையாக இருந்த படம், உச்ச தாழ்வு முறையில் ரெங்கோவைப் போலவே இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கும். வெள்ளியும் கட்டமும் திருப்பமும் மாறவில்லை, தரவு மட்டும்தான் மாறியது.

கோஹன் முறைக்குள் இன்னொரு வரிசைச் சிக்கலும் உண்டு. X நிரையில் இருக்கும் ஒரு நாளில் விலை புதிய உச்சம் போய் ஒரு X சேர்த்துவிட்டு, அப்புறம் அதே நாளில் மூன்று கட்டம் விழுந்தாலும், அந்த வீழ்ச்சி அன்று பதிவாகாது. உச்சம் எண்ணப்பட்டுவிட்டால் தாழ்வைப் பார்க்கக் கூடாது என்பது விதி. மாலையில் செய்தி வந்து இரண்டு பக்கமும் ஆடும் வெள்ளியில் இது நடக்கக்கூடியதுதான். அந்த இரவில் உங்கள் ஸ்டாப்லாஸ் அடிபட்டிருக்கும். படத்தைப் பார்த்தால் புதிய X ஒன்று நின்றுகொண்டிருக்கும்.

நேரம் மெல்லிய தடயமாகப் பாயிண்ட் அண்ட் ஃபிகரில் எஞ்சியிருப்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதலில் விழும் கட்டத்தில் X, O-வுக்குப் பதில் மாத எண்ணைப் போடுவது வழக்கம்: 1 முதல் 9 வரை, அப்புறம் A, B, C. ஒரே நிரைக்குள் 3, 4, 5 மூன்றும் தெரிந்தால் அந்த ஏற்றம் மூன்று மாதம் நடந்தது என்று புரியும். ரெங்கோவில் இந்த வசதி இல்லை. கீழ் அச்சில் தேதி இருந்தாலும் அது சமமாக ஓடாது, பக்கத்துப் பக்கத்துப் பிரிக் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடமும் இருக்கலாம், இரண்டு வாரமும் இருக்கலாம்.

பழைய பிரிக் மாறிப் போனது

நண்பர் நிலையான 500-க்கு வருவதற்கு முன் ஏடிஆர் பிரிக்கில் இருந்தார். கடந்த 14 கேண்டில்களின் சராசரி வீச்சை எடுத்து அதையே பிரிக் அளவாக வைக்கும் முறை அது, பல தளங்களில் தானாகவே தேர்வாகி இருக்கும். அவருடைய புகார்: "போன மாசம் ஷார்ட் காட்டுச்சு, நானும் போனேன். இன்னைக்குப் பார்த்தா அந்த இடத்துல சிவப்புக் கல்லே இல்லண்ணே."

அவர் கண் ஏமாறவில்லை. சராசரி வீச்சு 480-லிருந்து 620-க்கு ஏறினால், இத்தகைய சார்ட் முழுப் பழைய வரலாற்றையும் 620 பிரிக்கில் மறுபடி வரைந்துவிடும். போன மாதத்தின் சின்னச் சரிவுகள் புதிய அளவுக்குப் பத்தாமல் மறைந்துவிடும். இன்று அந்தப் படத்தின் மேல் பேக்டெஸ்ட் ஓட்டினால், போன மாதம் யாருக்கும் தெரிந்திருக்க முடியாத பிரிக் அளவை வைத்துப் போன மாதத்துக்கு ஆர்டர் போடுகிறோம். தப்பான சிக்னல்களெல்லாம் தாமாகவே அழிந்துவிடுவதால் கோடு அழகாக ஏறும்.

கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு இரவும் படத்தைச் சேமித்து வைத்து இரண்டு வாரம் கழித்து ஒப்பிடுவது. முடிந்துபோன பிரிக் ஒன்று இடம் மாறியிருந்தாலும் அந்த அமைப்பை பேக்டெஸ்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

நிலையான ரூபாய் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. 70,000-இல் 500 என்பது சுமார் 0.7 சதவீதம். 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியபோது அதே 500, அரை சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. பிரிக்குகள் மழையாகக் கொட்டும், வடிகட்டி ஓட்டையாகிவிடும். பழைய அமெரிக்கப் பாயிண்ட் அண்ட் ஃபிகர்காரர்கள் இதற்காகத்தான் விலைக்கேற்பக் கட்டத்தை மாற்றினார்கள்: 20 முதல் 100 டாலர் வரை ஒரு டாலர் கட்டம், 100 முதல் 200 வரை இரண்டு டாலர். சதவீதக் கட்டம் இன்னும் சீரானது. நண்பரின் விஷயத்தில் ஒரு சதவீதம் என்று வைத்தோம்.

ஒப்பந்த மாற்றத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தொடர் சார்ட்டில் பழைய மாத ஒப்பந்தம் முடிந்து புதியது ஒட்டும் இடத்தில், வட்டிச் செலவு காரணமாகப் புதியது பெரும்பாலும் கூடுதல் விலையில் இருக்கும். வித்தியாசம் 1,200 என்றால் ரெங்கோ இரண்டு மேல் பிரிக்கைக்கூடப் போட்டுவிடலாம், யாருக்கும் அந்த லாபம் கிடைத்திருக்காது. ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனித்தனியாக ஓட்டுவதே பாதுகாப்பு.

இப்போது அவர் என்ன செய்கிறார்

தினமும் இறுதி விலையில், ஒரு சதவீதக் கட்டம், மூன்று கட்டத் திருப்பம் என்று பாயிண்ட் அண்ட் ஃபிகரை ஒரு கட்டம்போட்ட நோட்டில் கையால் வரைகிறார். ரெங்கோ திரையில் இருக்கிறது, ஆனால் அதன் மேல் ஆர்டர் போடுவதில்லை. கையால் வரைவதில் பழமைப் பற்று ஒன்றும் இல்லை. நோட்டில் மையால் போட்ட O அடுத்த மாதம் மறையாது, அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். ஒவ்வொரு நிரை மாற்றத்துக்குப் பக்கத்திலும் இரண்டு எண் எழுதுகிறார்: கட்டம் சொன்ன விலை, தனக்குக் கிடைத்த விலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கிறார். அதைக் கழித்த பிறகும் மிஞ்சினால்தான் அது லாபம்.

லாபத்துக்காக ஷார்ட் போவதையும் நிறுத்திவிட்டார். கடையில் எப்போதும் சரக்கு வெள்ளி இருக்கிறது, விலை இறங்கினால் அதன் மதிப்பும் இறங்கும். O நிரை தொடங்கும்போது அந்தச் சரக்குக்கு ஈடாக மட்டும் விற்பது அவர் தொழிலுக்குப் பொருந்துகிறது. X நிரையில் புதிதாகக் கொள்முதல் செய்ய அவசரம் காட்டுகிறார், O நிரையில் ஆர்டருக்கு வேண்டிய அளவே வாங்குகிறார்.

லாட் அளவுதான் கடைசியாகத் தீர்ந்தது. 70,000 விலையில் ஒரு சதவீதம் 700, மூன்று கட்டம் 2,100, ஐந்து கிலோவுக்கு 10,500 ரூபாய். திருப்பம் வரும்வரை இவ்வளவு பொறுக்க வேண்டும், இடைவெளி விழுந்தால் இன்னும் கூடும். வெள்ளி ஒரு லட்சத்தில் இருந்தால் இதே கணக்கு 15,000 ஆகிவிடும். அவர் நடைமுறையில் தாங்கக்கூடிய தொகை இதில் பாதிகூட இல்லை. அதனால் ஒரு கிலோ லாட்டான சில்வர் மைக்ரோவுக்கு மாறி, சரக்கின் எடையைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ மட்டும் வைத்துக்கொள்கிறார்.